டீம் மாறணும், மேனேஜரோடு மனக்கசப்பு இல்லை

“நான் வேற டீமுக்குப் போகலாம்னு பார்க்கிறேன்.” இப்படி ஒருவர் சொன்னதும் பெரும்பாலான மேனேஜர்களின் மனதில் ஓடும் முதல் கேள்வி, ‘நான் என்ன தப்பு பண்ணினேன்?’ என்பதுதான். அந்தச் சந்தேகம் வீணானதும் அல்ல. அமெரிக்காவில் 7,272 பேரிடம் கேட்டு கேலப் நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், தங்கள் வேலை வாழ்க்கையில் ஒருமுறையாவது மேனேஜரிடமிருந்து தப்பிப்பதற்காகவே வேலையை விட்டதாகப் பாதிப் பேர் சொல்லியிருந்தார்கள். டீம் மாறக் கேட்பவர் வாய் திறப்பதற்கு முன்பே, இப்படியொரு அர்த்தம் அங்கே தயாராகக் காத்திருக்கிறது.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு வங்கி ஒன்றுக்கான புரொடக்‌ஷன் சப்போர்ட் டீமில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறார் ஒரு பொறியாளர். இரவில் ஓடும் பேட்ச் ஜாப்கள் நின்றுபோனால் எழுந்து சரிசெய்வது அவர் வேலை. அதே நிறுவனத்தின் டேட்டா இன்ஜினீயரிங் டீமில் ஓர் இடம் காலி என்று ஐ.ஜே.பி. பக்கத்தில் அறிவிப்பு வந்திருக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே ஆள் தேடும் இந்த முறைக்குச் சில விதிகள் உண்டு. பல இடங்களில் இப்போதைய புராஜெக்டில் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ முடித்திருக்க வேண்டும். தேர்வான பிறகு பழைய டீம் அவரை விடுவிக்க ஒன்றிரண்டு மாதம் அவகாசம் கிடைக்கும். முக்கியமான இன்னொரு சங்கதி: பல நிறுவனங்களில் ‘Apply’ பொத்தானை அழுத்திய உடனே மேனேஜருக்குத் தானாக ஒரு மெயில் போய்விடும்.

பாதிச் சிக்கல் அந்த மெயிலில்தான் தொடங்குகிறது. நேரில் கேட்டிருந்தால் வெறும் விருப்பமாகத் தெரிந்திருக்கும் விஷயம், இன்பாக்ஸில் பார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் நடந்த வேலையாகத் தெரிகிறது. அதைவிட மோசம், அந்த டீமின் மேனேஜர் கேன்டீனில் பார்த்து, “உங்க டீம்ல இருந்து ஒருத்தங்க எங்ககிட்ட வர்றாங்களாமே” என்று கேட்பது. ஆகவே புதிய டீமில் என்ன வேலை, தனக்கு அது பொருந்துமா என்று அங்கே இருப்பவர்களிடம் விசாரிக்கும் வரை சரி. விண்ணப்பிப்பதற்கு முன் மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும்.

எப்போது சொல்வது என்பதும் ஒரு செய்திதான். அப்ரைசல் ரேட்டிங் வந்த வாரத்தில் கேட்டால், என்ன காரணம் சொன்னாலும் ‘ரேட்டிங் பிடிக்கவில்லை’ என்றே எடுத்துக்கொள்ளப்படும். டீமில் வாக்குவாதம் நடந்த மறுநாளும் அப்படியே. பெரிய கோ-லைவ் நெருங்கும்போது கேட்டால், நடுவழியில் கைவிடுவதாகப் படும். நம் பொறியாளரின் புராஜெக்டில் ஜூன் மாதம் ஒரு கோ-லைவ் இருக்கிறது, ரேட்டிங் ஏப்ரலில் வரும். அவர் மே தொடக்கத்தில், வழக்கமாக இருவரும் தனியாகப் பேசும் நேரத்தில் சொல்கிறார்.

சொல்லும் காரணத்துக்கு ஒரு பரிசோதனை உண்டு: அதை இந்த மேனேஜரால் சரிசெய்ய முடியுமா? “நைட் ஷிப்ட் கஷ்டமா இருக்கு” என்றால் அவர் ஷிப்டை மாற்றித் தருவார், அல்லது முன்பே மாற்றித் தரவில்லையே என்று குத்திக்காட்டப்பட்டதாக நினைப்பார். “இங்கே கத்துக்க ஒண்ணுமில்லை” என்பது அவர் நடத்தும் டீம் மீதான தீர்ப்பு. அந்த டீமால் தர இயலாத ஒன்றுதான் நல்ல காரணம். நம் பொறியாளரிடம் அது இருக்கிறது. எந்த ஜாப் எங்கே நின்றது என்று காலையில் தொகுத்துத் தர அவர் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். அந்த வேலை பிடித்துப்போய் எஸ்.கியூ.எல்., ஸ்பார்க் என்று படிக்கத் தொடங்கினார். வங்கியோடு போட்ட ஒப்பந்தமோ சப்போர்ட்டுக்கு மட்டும்.

“ஒரு விஷயம் உங்ககிட்ட முதல்ல சொல்லிடணும்னு நினைச்சேன். அந்த ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் எழுதினதுல இருந்து டேட்டா பக்கம்தான் போகணும்னு தோணுது. நம்ம புராஜெக்ட்ல அந்த வேலைக்கு இடம் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். ஐ.ஜே.பி.ல ஒரு இடம் வந்திருக்கு, அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். ஜூன் கோ-லைவ் முடியாம நான் நகர மாட்டேன்.”

இதில் மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ‘உங்ககிட்ட எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லைங்க’ என்று ஆரம்பிப்பது எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் கேள்வி பிறந்துவிடும். அளவுக்கு மீறிப் புகழ்ந்தாலும் அப்படியே. அவராகவே “ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டால், “இல்லைங்க, வேலை வகைதான் மாறணும்” என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தேதிக்கு வந்துவிடலாம்.

தேதிதான் மேனேஜருக்கும் தேவை. ஆள் போனால் அந்த இடத்துக்கான பில்லிங் நிற்கும், வாடிக்கையாளர் மாற்று ஆளை இன்டர்வியூ செய்யக் கேட்பார், இரவு ஷிப்டுக்கு ரோஸ்டர் இடிக்கும். ஆகவே நம் பொறியாளர் தனக்கு மட்டுமே தெரிந்தவை எவை என்று எழுதி எடுத்துப் போகிறார். அதில் பெரியது மாதக்கடைசி பேட்ச். புதிதாக வருபவர் முதல் மாதக்கடைசியில் அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்த மாதக்கடைசியில் அவரே செய்ய, இவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைத்தான் ஷேடோ, ரிவர்ஸ் ஷேடோ என்கிறார்கள். மே முடிவில் ஒன்று, ஜூன் முடிவில் இன்னொன்று என்று கணக்கிட்டு, ஜூலை 15இல் விடுவிக்கலாம் என்கிறார். இப்படி ஒரு தாள் மேசைமேல் இருக்கும்போது, கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்ற எண்ணம் எழுவது கடினம்.

பேசி முடித்த அன்றே, பேசியதை நாலு வரியில் மெயிலாக அனுப்பிவிடுவது நல்லது. அதே காரணம்தான் விண்ணப்பப் படிவத்திலும், எச்.ஆரிடமும், புதிய டீமின் இன்டர்வியூவிலும் வர வேண்டும். டீக்கடையில் சக ஊழியரிடம் மட்டும் வேறு கதை சொன்னால் அது சுற்றி வந்து சேர்ந்துவிடும். அந்த இன்டர்வியூவில் “ஏன் அந்த டீமை விடுறீங்க?” என்று கேட்பவர், நாளை இவருடைய மேனேஜரிடம் கருத்து கேட்கப்போகிறவரும்கூட.

மேனேஜர் ஆன்சைட் ஆசை காட்டி நிறுத்தப் பார்ப்பதும் உண்டு. ஒப்புக்கொண்டால், டேட்டா வேலைதான் காரணம் என்றது பொய்யாகிவிடும். “அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்” என்றால், எந்தத் தேதி என்று கேட்டு மெயிலில் வாங்கிக்கொள்வது போதும். உடனே அவருக்கு மேலே இருப்பவரிடம் ஓடுவதுதான் புகாராகத் தெரியும்.

உண்மையிலேயே புகார் இருக்கிறது என்றால் இந்தப் பக்குவம் எதுவும் பொருந்தாது. மேனேஜர் மீது பாலியல் தொல்லைப் புகார் என்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விசாரணை நடக்கும்போதே பாதிக்கப்பட்ட பெண்ணையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றும்படி உள்ளகக் குழு பரிந்துரைக்கலாம். அதற்கு அந்தப் பெண் எழுத்தில் கேட்க வேண்டும். அதை விருப்ப மாற்றம்போல எழுதினால், பிறகு அந்தத் தாளே அவருக்கு எதிராக நிற்கும்.

ஜூலை 15 வருகிறது. கிளம்பும் வாரத்தில் பலர் மறந்துவிடும் வேலை ஒன்று பாக்கி இருக்கும். அப்ரைசல் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியிருந்தால், மூன்றரை மாத உழைப்பு பழைய மேனேஜருக்கு மட்டுமே தெரியும். அடுத்த மார்ச்சில் ரேட்டிங் எழுதப்போகிறவர் புதியவர். ஆகவே அந்த மாதங்களுக்கான கருத்தை விடுவிப்புக்கு முன்பே சிஸ்டத்தில் பதிவு செய்துதரும்படி பழையவரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.