முதல் திரைக்கதையும் மூத்த நெறியாளருக்கு ஒரு கடிதமும்

எங்கள் பெறாமகள் எழுதிய முதல் திரைக்கதையை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் வாசித்தோம். ஐந்து பேரும் அழுதோம். இதை யாராவது பெரிய நெறியாளருக்கு அனுப்பு, அவர் நல்ல ஆலோசனை சொல்லுவார் என்றோம். அவள் தமிழ்நாட்டில் இருக்கும் மூத்த நெறியாளர் ஒருவருக்கு அனுப்பினாள். மூன்று மாதமாகியும் பதில் இல்லை. பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து வைத்து நிதானமாக வாசித்தபோது, பதில் வராததற்கான காரணம் கடிதத்திலேயே இருந்தது தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள். அதனால் அந்தக் கடிதத்தை எப்படித் திருத்தினோம் என்று இங்கே எழுதுகிறோம்.

தமிழ்ச் சினிமாவில் இந்த வித்தையைக் கடிதம் எழுதிக் கற்றவர்கள் குறைவு. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவிடம் பாலாவும் வெற்றிமாறனும் உதவி இயக்குநர்களாக இருந்துதான் தொழில் பழகினார்கள். வெளிநாட்டில் வேலையும் படிப்புமாக இருக்கும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. கடிதம்தான் மிஞ்சுகிறது. உதவியாளரை நெறியாளர் தினமும் பார்க்கிறார், அவருடைய சுபாவம் அவருக்குத் தெரியும். கடிதம் எழுதும் பிள்ளையோ முகம் தெரியாதவள். அவளுடைய கடிதமே அவளை அறிமுகம் செய்யவேண்டும்.

முதற் கடிதம் இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுவதும் எங்கள் குடும்பம் பட்ட துன்பம். அடுத்த அரைப் பக்கம் நெறியாளருக்குப் புகழ்மாலை. கடைசி வரி இப்படி: "முழுத் திரைக்கதையும் இணைத்திருக்கிறேன். வாசித்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், முடிந்தால் படமாக்க உதவுங்கள்."

கணக்காளர் என்றபடியால் எங்களுக்கு முதலில் கணக்குத்தான் கண்ணில் பட்டது. திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. அவளுடையது 104 பக்கம். கவனமாக வாசிக்க இரண்டு மணித்தியாலம் ஆகும். குறிப்பெடுத்துப் பதில் எழுதினால் அரை நாள் போய்விடும். முன்பின் தெரியாத ஒருவரிடம் அரை நாளைக் கேட்டிருந்தோம், அதோடு படத்தயாரிப்புக்கு உதவியும் கேட்டிருந்தோம். ஆலோசனை சொல்ல மனமுள்ளவரும் இரண்டாவது வேண்டுகோளைக் கண்டால் ஒதுங்கிவிடுவார்.

இன்னொரு காரணமும் உண்டு. இதே மாதிரியான கதை ஒன்றில் அவரே வேலை செய்துகொண்டிருக்கலாம். நாளைக்குக் கதையைத் திருடிவிட்டார் என்ற பேச்சு வரும் என்ற பயத்தில், கேட்காமல் வரும் திரைக்கதையைத் திறப்பதேயில்லை என்று பலர் வைத்திருக்கிறார்கள். ஆகவே முதற் கடிதத்துடன் திரைக்கதையை இணைக்கக்கூடாது. முதலில் சம்மதம் கேட்கவேண்டும். பிள்ளையின் பக்கத்திலும் ஒரு பாதுகாப்பு வேண்டும். கனடாவில் எழுதிய உடனேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. ஆனால் அது எழுத்துக்குத்தான் பாதுகாப்பு, வெறும் கருவுக்கு அல்ல. திகதியுடன் ஒரு பிரதியை வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய பிழை வேறு. "கருத்துச் சொல்லுங்கள்" என்பது கேள்வியே அல்ல. அதற்குப் பதிலாக "நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எழுதுங்கள்" என்றுதான் வரும். எழுதியவருக்கு எங்கே சந்தேகம் என்று தெரிந்தால்தான் மற்றவர் உதவ முடியும். அதைக் கண்டுபிடிக்க, திரைக்கதையை எங்கள் ஆட்கள் அல்லாத இரண்டு பேரிடம் கொடுத்தோம். எங்கே களைத்தீர்கள், எங்கே பின்னுக்குத் திருப்பிப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டோம். இருவரும் சொன்னது ஒரே இடம், 38ஆம் பக்கத்திலிருந்து 49ஆம் பக்கம் வரை. நாங்கள் ஐந்து பேரும் அழுததும் அதே இடத்தில்தான்.

அந்தப் பக்கங்களில் 1995 ஒக்ரோபர் 30 இரவு வருகிறது. வலிகாமம் வெறுமையாகிறது, சனம் நாவற்குழிப் பக்கம் நடக்கிறது. ஒரு பெண் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுகிறாள். அடுத்த காட்சி ஸ்காபுறோ, இருபது வருடங்களுக்குப் பிறகு. அதே பெண் லாச்சியில் அந்தச் சாவியைக் கண்டு பேச்சில்லாமல் நிற்கிறாள். அவ்வளவுதான் தாளில் இருந்தது. மிச்சத்தை நாங்கள் எங்கள் நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டு அழுதோம். எங்கள் கண்ணீர் அவளுடைய எழுத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. எங்கள் பேச்சு விளங்கி, எங்கள் இடப்பெயர்வைப் பட்டறியாத ஒருவரிடம்தான் அவள் கேட்கவேண்டியிருந்தது.

திருத்திய கடிதம் இது:

"வணக்கம் ஐயா. நான் ரொறன்ரோவில் வசிக்கிறேன், வயது 24. உங்கள் இரண்டாவது படத்தில் தகப்பன் கடைசிவரை மகனோடு பேசாமல் இருப்பதும், ஏன் என்று எங்களுக்குத் தெரிந்திருப்பதும் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தன.

என் முதல் திரைக்கதையை 104 பக்கத்தில் முடித்திருக்கிறேன். 1995இல் யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறிய தாய், அந்த வீட்டைப் பார்க்கப் போக நினைக்கும் மகளைத் தடுக்கிறாள். காரணம் சொல்ல மறுக்கிறாள்.

என் சந்தேகம் ஒன்றுதான். 38 முதல் 49 வரையான பக்கங்களில் தாய் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவளுடைய மௌனம் யாருக்கும் விளங்குமா, எங்கள் வரலாறு தெரிந்தவருக்கு மட்டும்தான் விளங்குமா?

நீங்கள் சம்மதித்தால் அந்தப் பன்னிரண்டு பக்கங்களை மட்டும் அனுப்புகிறேன். இரண்டு வரிப் பதில் போதும். படம் எடுக்க உதவி கேட்கவில்லை. நேரம் இல்லையென்றால் அதுவும் எனக்கு விளங்கும்."

இதில் புகழ்ச்சிக்குப் பதிலாக, அவருடைய படத்தில் தன் கேள்விக்குத் தொடர்பான ஒரு விஷயத்தை அவள் சொல்கிறாள். அந்த வரியைப் பெயரை மாற்றி வேறொரு நெறியாளருக்கு அனுப்ப முடியாது. கேட்கும் நேரமும் அரை நாளிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை வேறொரு நெறியாளருக்கு அனுப்பினாள். ஐந்து கிழமையில் "அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. பக்கங்களை வாசித்தபின் அவர் நாலு வரிதான் எழுதினார். மௌனத்தில் பிழையில்லை என்றார். ஆனால் சாவியைப் பார்த்தபோது தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றும், பூட்டும்போது அவள் திரும்பி வருவேன் என்று நம்பினாளா என்பது தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்.

இப்படியான பதில் வந்தால் வாதாடக்கூடாது. "அது எங்கட ஆக்களுக்கு விளங்கும்" என்று எங்களில் ஒருவர் சொன்னோம். அதைத்தான் அவள் நெறியாளருக்கு எழுதவில்லை. நன்றி சொல்லி, எதை மாற்றப்போகிறாள் என்று ஒரு வரி எழுதினாள். அவர் கேட்காமல் முழுத் திரைக்கதையையும் அனுப்பவில்லை. பதிலே வராவிட்டால், ஆறு கிழமைக்குப் பிறகு ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் எழுதக்கூடாது.

ஆனால் திரும்பி வரும் நம்பிக்கையை எப்படிக் காட்டுவது? அவளுக்குத் தெரியவில்லை. தாயிடம் போய், அன்றிரவு குசினியில் எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். அந்த இரவைப் பற்றி எங்களோடுகூடக் கதைக்காத தாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விடியத் தோசைக்கு உழுந்து ஊறப்போட்டிருந்தனான்" என்றாள்.

புதிய 41ஆம் பக்கத்தில் அந்தப் பெண் உழுந்துச் சட்டியை மூடிவைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறாள். பன்னிரண்டு பக்கங்கள் ஒன்பதாகிவிட்டன. முன்பு களைத்த இருவரிடமும் மறுபடி கொடுத்தோம். இந்த முறை அவர்கள் பின்னுக்குத் திருப்பிப் பார்க்கவில்லை.