கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

செய்தித்தாளில் வாராவாரம் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடம் சின்னது. ஞாயிறு இணைப்பில் கால் பக்கம், மிஞ்சினால் அரைப் பக்கம், அதிலும் ஓரத்தில் ஒரு கேலிச்சித்திரம் உட்கார்ந்திருக்கும். 1965-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரத்து நாளிதழ் ஒன்று மூன்று பிள்ளைகளின் தாயான எர்மா பாம்பெக்கை வாரம் இரண்டு பத்தி எழுதித் தரச் சொன்னது. ஒரு பத்திக்கு 450 சொற்கள். துணி துவைப்பது, பிள்ளை வளர்ப்பது என்று வீட்டுக்குள் நடப்பதை வைத்தே அவர் முப்பது ஆண்டுகள் எழுதினார். 1970-களின் முடிவில் ஏறக்குறைய 900 செய்தித்தாள்கள் அவர் பத்தியை வெளியிட்டன. அவ்வளவு சின்ன இடத்தில் எழுதும்போது ஒரு வாக்கியம்கூட சும்மா வந்து நிற்க முடியாது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு பத்தியை அடியிலிருந்து கட்டிப் பார்த்தால்தான் விளங்கும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எடுத்துக்கொள்வோம். எதிர் வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் பலகாரம் வருகிறது. டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. இதில் ஒரு பத்திக்குத் தேவையான இரண்டும் இருக்கின்றன: கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருள், யாரும் மீறத் துணியாத ஒரு வழக்கம். “இந்தக் காலத்தில் அண்டை வீட்டு உறவு” என்று தொடங்கினால் கட்டுரை வரும், சிரிப்பு வராது. குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் பத்து விஷயங்களில் எதை இந்த வாரம் எடுப்பது என்ற குழப்பம் வந்தால், எதில் பொருளும் வழக்கமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்று பார்க்கலாம்.

விஷயம் கிடைத்தவுடன் முதல் வரியைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். நான் முடிவைத்தான் முதலில் தேடுவேன். டப்பா கதைக்கு என்ன முடிவு? காலியாகவே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்பது சப்பென்று இருக்கிறது. டப்பா தொலைந்துவிட்டது என்பதை வாசகர் பாதியிலேயே ஊகித்துவிடுவார். சற்று யோசித்தால், அந்தக் காலத்துப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள் என்பது நினைவுக்கு வரும். டப்பாவின் அடியில் வெட்டியிருக்கும் பெயர் நம் அம்மாவின் பெயராக இருந்தால்? என்றோ நம் வீட்டிலிருந்து போன டப்பாதான் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. இத்தனை நாள் தவித்தது நம் சொந்த டப்பாவுக்காக. இது நல்ல முடிவு. முழுப் பத்தியையும் அது தலைகீழாகத் திருப்புகிறது, ஆனால் எதையும் பொய்யாக்கவில்லை.

இப்போது முதல் வரிக்கு வரலாம். “விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்றது நம் நாடு” என்பது மேடைப் பேச்சு. “எதிர் வீட்டு மாமி நேற்று ஒரு டப்பாவில் ஏழு கப் கேக் கொடுத்தனுப்பினார்” என்பது தகவல். தவறில்லை, ஆனால் அடுத்த வரியைப் படிக்க அது யாரையும் இழுப்பதில்லை. இதைப் பாருங்கள்: “எதிர் வீட்டு டப்பா எங்கள் வீட்டில் தங்க வந்து இன்றோடு பதினோரு நாள்.”

இந்த வரி மூன்று வேலை செய்கிறது. “தங்க வந்து” என்ற சொல் டப்பாவை விருந்தாளி ஆக்கிவிடுகிறது. இனி அது போகவும் மாட்டாது, போகச் சொல்லவும் முடியாது. “பதினோரு நாள்” என்று யாரோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அந்த எண்ணிக்கையில் குற்ற உணர்ச்சி தெரிகிறது. “பத்துப் பதினைந்து நாள்” என்றிருந்தால் அது காணாமல் போயிருக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: “எதிர் வீட்டு டப்பா” என்று அடித்துச் சொல்லியாகிவிட்டது. வாசகர் அதைக் கேள்வி கேட்காமல் நம்பிக்கொள்வார். கடைசி வரி உடைக்கப் போவது அந்த நம்பிக்கையைத்தான். முதல் வரியில் வாசகர் கவனிக்காமல் விழுங்கிய ஒரு சொல்லுக்குக் கடைசி வரி வந்து கணக்குக் கேட்கும்போது முடிவு நன்றாக விழும். முடிவு தெரியாமல் முதல் வரி எழுதினால் இப்படிக் கொக்கி போட வழியே இல்லை.

முதல் வரி சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி, முதல் பாராவை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படிப்பது. பத்தி குறையின்றி நின்றால் அந்த முதல் பாரா எழுத்தாளர் தொண்டையைச் செருமிக்கொண்டது மட்டுமே. அதை எடுத்துவிடலாம்.

நடுப்பகுதியில்தான் பெரும்பாலான பத்திகள் சரிகின்றன. டப்பாவைப் பற்றித் தொடங்கி, எதிர் வீட்டுக்காரரின் கார், அங்கிருந்து பெட்ரோல் விலை, பிறகு மந்திரி என்று ஊர் சுற்றிவிட்டுக் கடைசியில் டப்பாவுக்குத் திரும்புவார்கள். தனித்தனியாக எல்லாம் நல்ல நகைச்சுவையாகவே இருக்கும். ஆனால் வாசகரின் மனத்தில் டப்பாவின் கனம் குறைந்துகொண்டே போகும், முடிவில் அது எடை இல்லாமல் விழும். ஒரு பத்திக்கு ஒரு பொருள் போதும். ஒவ்வொரு பாராவிலும் டப்பாவின் மேல் யாராவது கை வைக்க வேண்டும்.

ஒரே பொருளையே பேசுவதென்றால் ஒரே சிரிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஆகாது. ஒவ்வொரு தீர்வும் அடுத்த சிக்கலைப் பெற்றுப் போட வேண்டும். டப்பாவில் என்ன வைத்துக் கொடுப்பது? கடை முறுக்கு என்றால் தெரிந்துவிடும், எல்லாம் ஒரே அளவாக இருக்கும். வீட்டில் செய்தது போலத் தெரிய, பையனை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கொஞ்சம் உடைக்கச் சொல்கிறார் அப்பா. அவன் உடைத்ததையெல்லாம் தின்றுவிடுகிறான். சரி, ரவா லாடு செய்யலாம். உருண்டை பிடிக்க வரவில்லை, அதை உப்புமா மாதிரி தட்டில் போட்டு வீட்டிலேயே சாப்பிட்டாயிற்று. இதற்குள் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. டப்பா வராததைப் பார்த்த எதிர் வீட்டு மாமி, பலகாரம் ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று கொழுக்கட்டையோடு இரண்டாவது டப்பாவை அனுப்புகிறார். இப்போது இரண்டு விருந்தாளிகள்.

இந்தச் சங்கிலியில் ஏதாவது இரண்டு சம்பவங்களை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் எதுவும் கெடவில்லை என்றால் அது சங்கிலி இல்லை, துணுக்குத் தொகுப்பு. இரண்டாவது டப்பா முதல் நாளே வந்தால் கதை படுத்துவிடும். தாமதம் அதைக் கூட்டி வந்தது, அதனால்தான் சிரிப்பு வருகிறது.

கவனியுங்கள், இதில் அசடு வழிகிறவர்கள் எல்லோரும் சொல்கிறவரின் வீட்டில் இருக்கிறார்கள். எதிர் வீட்டு மாமியிடம் ஒரு குறையும் இல்லை. அவரைக் கஞ்சப் பேர்வழியாகவோ வம்புக்காரியாகவோ காட்டினால் இரண்டு சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அவரும் ஞாயிற்றுக்கிழமை அதே செய்தித்தாளைத்தான் வாங்குகிறார். வாரப் பத்தி எழுதுகிறவருக்கு அடுத்த வாரமும் அதே தெருவில்தான் வாழ்க்கை. இந்த நாகரிகத்தை நான் கைத்திறனில் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். மனைவியையும் மாமியாரையும் வைத்து வாராவாரம் ஓட்டுகிற பத்திகள் அலுத்துப் போவதற்கு இந்தக் குறைதான் காரணம்.

இனி ஓட்டை அடைக்கும் வேலை. பதினோரு நாளில் டப்பாவை ஒரு தடவைகூடக் கழுவவில்லையா, கழுவும்போது பெயர் கண்ணில் படவில்லையா என்று கூர்மையான வாசகர் கேட்பார். கேட்டால் முடிவு செத்தது. வெட்டிய எழுத்து தேய்ந்து வெறும் கீறல் போல ஆகியிருக்க வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அம்மா. அம்மாவின் மூக்குக்கண்ணாடியோ பழுது பார்க்கக் கடைக்குப் போயிருக்கிறது. இந்தக் கண்ணாடியைப் பத்தியின் நடுவில் விதைத்துவிட வேண்டும், அதுவும் வேறொரு சிரிப்புக்குள் ஒளித்து: கண்ணாடி இல்லாமல் அம்மா லாடுவுக்கு ரவை என்று அரிசிக் குருணையை அளந்து போடுகிறார், உருண்டை பிடிக்க வராததற்குக் காரணமும் கிடைத்துவிடுகிறது. வாசகர் லாடுவுக்காகச் சிரிப்பார், கண்ணாடி தன் வேலைக்காகக் காத்திருக்கும். முடிவுக்குத் தேவையான பொருளைக் கடைசிப் பாராவில் புதிதாகக் கொண்டு வந்தால் ஏமாற்றியதாகிவிடும். சிரிப்பு இல்லாமல் தனியாக நடுவில் வைத்தால் ஊகித்துவிடுவார்கள்.

கடைசி வரி. முதல் வரைவு இப்படி வரலாம்: “கண்ணாடி வந்ததும் டப்பாவின் அடியில் தன் பெயர் வெட்டியிருப்பதை அம்மா படித்துக் காட்டினாள்.” விஷயம் சரி, வரிசை தப்பு. “தன் பெயர்” என்பது வாக்கியத்தின் நடுவிலேயே கொட்டிவிடுகிறது. அதன் பிறகு வரும் சொற்களை வாசகர் சிரித்துக்கொண்டே தாண்ட வேண்டியிருக்கிறது. தமிழில் வினைச்சொல் இயல்பாகக் கடைசியில் போய் உட்காரும், அதனால் வெடிக்க வேண்டிய சொல் அதற்கு முன்னாலேயே வெடித்துவிடும். வாக்கியத்தை உடைத்தால் தீர்ந்தது: “புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அம்மா டப்பாவைக் கவிழ்த்து, அடியில் இருந்த கீறலை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் பெயர்.”

அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். “பதினோரு நாள் தூக்கம் போனது எங்கள் டப்பாவுக்காகவா!” என்று சேர்க்கக் கை துடிக்கும். வாசகர் தானாகக் கண்டுபிடிக்கிற அந்த அரை நொடியில்தான் சிரிப்பு இருக்கிறது. விளக்கினால் அது அவருடையதாக இருக்காது. “பாத்திரம் மாறினாலும் பாசம் மாறாது” என்று கருத்துச் சொல்லி முடிப்பது இன்னும் மோசம். எழுதி முடித்ததும் கடைசி வாக்கியத்தை விரலால் மறைத்துப் படிக்க வேண்டும். பத்தி அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது போலத் தோன்றினால், உண்மையாகவே அங்கேதான் முடிந்திருக்கிறது.

எழுதியவர் கையை விட்டுப் போன பிறகும் கடைசி வரிக்கு ஆபத்து உண்டு. செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும், இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவது பத்திரிகை அலுவலகத்துப் பழக்கம். நகைச்சுவைப் பத்தியை அப்படி வெட்டினால் முதலில் போவது அம்மாவின் பெயர்தான். அதனால் கேட்ட அளவைவிட நாலு வரி குறைவாகவே கொடுப்பது நல்லது. அதோடு, இடம் போதாவிட்டால் கொழுக்கட்டைக்கு அடுத்த பாராவை எடுத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பாராவைத் தொடாதீர்கள் என்று உதவி ஆசிரியருக்கு ஒரு குறிப்பும் எழுதலாம். தலைப்பையும் நாமே கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது நல்லெண்ணத்தில் “எங்கள் வீட்டு டப்பா” என்று வைத்துவிடுவார்கள். ஓவியருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: அவர் அம்மாவை வரையலாம், லாடுவை வரையலாம், உடைந்த முறுக்கை வரையலாம். டப்பாவின் அடிப்பக்கத்தை மட்டும் வரையக் கூடாது.