சேமிப்புத் திட்டச் சோதனையில் கூறளவும் சோதனைத் திறனும்

1. சொல்லும் பொருளும்

புள்ளியியலில் 'சோதனைத் திறன்' என்பது, உண்மையில் இருக்கும் விளைவை ஓர் ஆய்வு கண்டறிவதற்கான வாய்ப்பைக் குறிக்கும். திறன் 80 விழுக்காடு எனின், குறித்த அளவு விளைவு இருக்கும்போது நூறு ஆய்வுகளில் ஏறத்தாழ எண்பது அதனைக் கண்டறியும், இருபது தவறவிடும். இத்திறனைத் தருவது கூறளவு. இச்சொல் வினவப்படுவோரின் தொகையையே நினைவூட்டுகிறது. ஊர்ச் சேமிப்புத் திட்ட ஆய்விலோ ஊர்களின் தொகையே முதன்மையானது.

2. ஊரே அலகு

இத்தகைய ஆய்வில், திட்டம் பெறும் ஊர்களும் பெறாத ஊர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படுகின்றன. ஓர் ஊரினர் ஒரே சந்தையையும் ஒரே மழையையும் நம்பி வாழ்வதால் அவர்தம் விடைகள் ஒத்திருக்கும். ஆகவே, ஓர் ஊரில் இருபதாவது விடை தரும் புதுச்செய்தி சிறிதே.

சேமிப்பு, திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயரும் எனக் கொள்வோம். 80 விழுக்காட்டுத் திறனுக்கும் 5 விழுக்காட்டுப் பிழை வரம்புக்கும், தனி ஆட்களைக் குலுக்கினால் பக்கத்திற்கு 392 பேர் போதும். ஊர்களைக் குலுக்கினால், இத்தொகையை 1 + (m − 1)ρ என்பதால் பெருக்க வேண்டும். m ஊருக்கு வினவப்படுவோர் தொகை. ρ ஊரினரின் ஒப்புமை அளவு. m = 20, ρ = 0.05 எனின் பெருக்கெண் 1.95, பக்கத்திற்கு 39 ஊர்கள் தேவை. ஊருக்கு நாற்பது பேரை வினவினாலும் 29 ஊர்கள் தேவைப்படும். உழைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியும் பத்து ஊர்களே குறைகின்றன.

3. சேராதோர்

திட்டம் வந்த ஊரில் அனைவரும் சேர்வதில்லை. பாதிப்பேர் சேர்ந்தால் சராசரி விளைவு பாதியாகும். தேவையான கூறளவோ நான்கு மடங்காகும். 39 ஊர்கள் 153 ஆகிவிடும்.

ஐதராபாத்தில் நிகழ்ந்த சிறுகடன் ஆய்வு இதற்குச் சான்று. பானர்ஜி, டூப்ளோ முதலியோர் 2015-இல் வெளியிட்ட அவ்வாய்வில் 104 குடியிருப்புகள் இடம்பெற்றன. அவற்றுள் 52-இல் கடன் கிளை திறக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின் எடுத்த முதற் கணக்கெடுப்பில், கிளை திறந்த இடங்களில் 26.7 விழுக்காட்டினரும் ஏனைய இடங்களில் 18.3 விழுக்காட்டினரும் சிறுகடன் பெற்றிருந்தனர். இடைவெளி 8.4 புள்ளிகளே. கடன் பெற்றோரிடம் மட்டும் விளைவு உண்டெனின், அது சராசரியில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அத்தகைய ஆய்வில் 'விளைவு தென்படவில்லை' என்பதை 'விளைவு இல்லை' என மொழிபெயர்ப்பது பிழை.

4. மும்பையில் எழும் வினாக்கள்

இதே திட்டத்தை மும்பையின் தாராவியில் சோதிப்பதாயின், எல்லை முதற் சிக்கலாகும். ஊர்களுக்கிடையே வயல்வெளி உண்டு; சந்துகளுக்கிடையே இல்லை. ஒரு சந்தின் குழுவில் அடுத்த சந்தினர் சேர்ந்தால் இரு பக்கமும் கலந்து வேறுபாடு மங்கும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பெரும் பகுதிகளையே அலகாகக் கொண்டால் கலப்பு குறையும். ஆனால் மூன்று அலகுகளைக் கொண்டு எதனையும் முடிவு செய்ய இயலாது.

அடுத்தது வினாவின் மொழி. 'சேமிப்பு' என்று மட்டும் வினவினால் சிலர் சீட்டுப் பணத்தைக் கூறுவர், சிலர் விடுவர். இத்தடுமாற்றம் திட்ட விலக்கத்தைப் பெருக்கித் திறனைக் குறைக்கும். எனவே வினாநிரலின் மொழிபெயர்ப்பு, கூறளவைக் கணக்கிடுவதற்கு முன்பே சிறு அளவில் சோதிக்கப்பட வேண்டும்.