திரையில் எண் தெரிகிறது, ஏசி கேட்கவில்லை

தீபாவளி மழையோடு நிறுத்திவைத்த ஏசியை மார்ச்சில் மறுபடி போடும்போதுதான் பல வீடுகளில் இந்தச் சிக்கல் தலைகாட்டுகிறது. ரிமோட்டின் திரையில் 24 என்ற எண் தெரியும். பட்டனை அழுத்தினால் 23 ஆகும், 22 ஆகும். ஆனால் சுவரில் இருக்கும் ஏசியிலிருந்து வழக்கமான 'பீப்' சத்தம் மட்டும் வராது. ரிமோட்தான் நன்றாக இருக்கிறதே, அப்படியானால் கோளாறு ஏசியில்தான் என்று முடிவுகட்டி மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். திரையில் தெரியும் எண் ஏசி சொன்ன பதில் அல்ல. சாதாரண ஏசி ரிமோட்டுக்குப் பேச மட்டுமே தெரியும், கேட்கத் தெரியாது. தான் அனுப்ப நினைப்பதைத்தான் அது திரையில் காட்டுகிறது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்பது அதற்கே தெரியாது.

ரிமோட்டின் முன்முனையில் சிறு மணி போல ஓர் எல்இடி இருக்கும். பட்டனை அழுத்தியதும் அது அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு வீசுகிறது. பெரும்பாலான ரிமோட்டுகளில் அந்த ஒளியின் அலைநீளம் 940 நானோமீட்டர் அளவில் இருக்கும். மனிதக் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டரோடு நின்றுவிடுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் செல்போன் கேமராவில் உள்ள சிலிக்கான் உணரிக்கு அந்த ஒளி தெரியும். படத்தின் நிறம் கெடாமல் இருக்க அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு வடிகட்டியைக் கேமராவுக்குள் வைக்கிறார்கள். அது முழுவதையும் தடுப்பதில்லை என்பதுதான் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது.

சோதனை எளிது. அறை விளக்கைக் குறைத்துவிட்டு, போனில் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை லென்ஸுக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்த வேண்டும். ஒளி வந்தால் திரையில் வெளிர் ஊதாவாகவோ நீலம் கலந்த வெள்ளையாகவோ மின்னும். பல போன்களின் பின்பக்கக் கேமராவில் வடிகட்டி பலமாக இருக்கும் என்பதால் செல்ஃபி கேமராவில் பார்ப்பது நல்லது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முதலில் நன்றாக வேலை செய்யும் டிவி ரிமோட் ஒன்றை எடுத்து அதன் ஒளி கேமராவில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவே தெரியாவிட்டால் அந்தக் கேமரா இந்த வேலைக்கு ஆகாது. இந்த முதல் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நல்ல ரிமோட்டைக் குப்பையில் போடுகிறார்கள்.

மதுரையில் ஒரு வீட்டில் இப்படித்தான் பார்த்தார்கள். டிவி ரிமோட்டை அழுத்தியதும் செல்ஃபி கேமராவில் பளீரென்று ஊதா ஒளி. ஏசி ரிமோட்டிலோ உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கலான ஒரு புள்ளி. செல் தீர்ந்திருக்கும் என்று புதிய செல்கள் இரண்டை வாங்கிப் போட்டார்கள். அப்போதும் அதே மங்கல்தான். புதுச் செல்லே சரியில்லையோ என்ற சந்தேகத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் 1.6 வோல்ட் காட்டியது. செல்லில் குறையில்லை.

பிறகுதான் செல் வைக்கும் குழியை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்கள். ஒரு ஸ்பிரிங்கின் அடிச்சுற்றுகளில் உப்பு பூத்ததுபோல வெள்ளைப் பொடி. எதிர்முனையில் உள்ள தகட்டின் ஓரத்தில் பச்சைக் களிம்பு. செல் வெளியே விடும் மின்சாரம் உள்ளே போக வேண்டிய வாசலே அடைபட்டிருந்தது.

அப்படியானால் திரை மட்டும் எப்படி வேலை செய்தது? திரைக்கும் அதை இயக்கும் சில்லுக்கும் தேவைப்படும் மின்சாரம் மிகச் சொற்பம். அது எந்த அழுக்கு வழியாகவும் கசிந்து போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் எல்இடி ஒவ்வொரு துடிப்பிலும் 100 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். பூத்துப்போன அந்த ஸ்பிரிங் 10 ஓம் மின்தடை தருகிறது என்று வைத்துக்கொண்டால், 100 மில்லி ஆம்பியர் பாயும் கணத்தில் அந்த இடத்திலேயே 1 வோல்ட் காணாமல் போகும். இரண்டு செல்லும் சேர்ந்து தருவதே 3 வோல்ட்தான். செல்லைத் தனியாக வெளியே எடுத்து அளந்தபோது இந்த இழப்பு தெரியாததற்கும் இதுதான் காரணம். மின்சாரம் பாய்ந்தால்தான் தடை தன் வேலையைக் காட்டும். வேலை செய்யாத ரிமோட்டில் செல்லைக் கட்டைவிரலால் உருட்டிவிட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறதே, அதுவும் இதனால்தான். உருளும்போது உராய்ந்து அழுக்குப் படலம் சற்று விலகுகிறது.

சுத்தம் செய்வதற்குமுன் ஒழுகியது எந்த வகைச் செல் என்று பார்க்க வேண்டும். அல்கலைன் என்று எழுதிய செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். வெளியே கசிந்ததும் காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படிகமாக உறைகிறது. இதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ சரிப்படும். விலை குறைந்த சிங்க்-கார்பன் செல்லின் கதை வேறு. அதில் வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகமே மின்சாரம் தரும்போது கரைந்துகொண்டிருக்கும். கூடு மெலிந்து ஓட்டை விழுந்ததும் லேசான அமிலத்தன்மை கொண்ட கரைசல் வெளியே வரும். இதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பயன்படுத்தலாம். மதுரை வீட்டில் கழற்றியது இந்த இரண்டாம் வகை.

கையுறை போட்டுக்கொண்டு செல்களை எடுத்துவிட வேண்டும். பொடியை வாயால் ஊதக் கூடாது, அது கண்ணில் பட்டால் எரியும். காய்ந்த பல்துலக்கியால் ரிமோட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி பொடியைத் தட்டிவிட்டு, பஞ்சுக் குச்சியைச் சோடாக் கரைசலில் லேசாக நனைத்து ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றிலும் தேய்க்க வேண்டும். குச்சியிலிருந்து சொட்டுகிற அளவுக்கு நனைத்தால் ஈரம் சர்க்யூட் பலகைக்குள் இறங்கிவிடும். அடுத்து வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த குச்சியால் ஒருமுறை துடைக்க வேண்டும். வினிகர் போட்டவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், மிச்சமிருக்கும் அமிலம் தகட்டை அரித்துக்கொண்டே இருக்கும். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டால் ஈரம் சீக்கிரம் பறக்கும்.

மதுரை ரிமோட்டில் இவ்வளவு செய்தபின் பொடி போய்விட்டது, ஆனால் ஸ்பிரிங் கறுத்தே இருந்தது. செல் தொடும் நுனியை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்தார்கள். அழுத்தித் தேய்த்தால் நிக்கல் பூச்சு போய், அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் இங்கே கை நிதானம் வேண்டும். செல்லைப் போட்டுக் கேமராமுன் அழுத்தியதும் டிவி ரிமோட்டுக்கு நிகரான ஒளி வந்தது. ஏசியும் 'பீப்' என்றது.

ஒளி பளிச்சென்று வந்தும் ஏசி கேட்காவிட்டால்? கேமரா சொல்வது ஒளி வருகிறது என்பதை மட்டும்தான். அதில் சரியான கட்டளை இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அப்போது ஏசியின் முன்மூடியைத் தூக்கினால் பெரும்பாலான மாடல்களில் அவசரப் பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தி ஏசி ஓடினால், ஒளியை வாங்கும் பகுதியைப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கை அழைக்கலாம். குரலில் கட்டளை வாங்கும் டிவி ரிமோட்டுகள் பல புளூடூத்தில் பேசுவதால், அவற்றில் ஒளி தெரியாவிட்டாலும் பழுது என்று ஆகிவிடாது. ஒரு பட்டனுக்கு மட்டும் ஒளி வராமல் மற்றவற்றுக்கு வந்தால், அந்தப் பட்டனுக்கு அடியிலுள்ள ரப்பரின் கரிப்பூச்சு தேய்ந்திருக்கும்.

ஸ்பிரிங் அரித்து இற்றுவிட்டால் தேய்த்துப் பயனில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து வேறு ஸ்பிரிங் வைத்து ஈயப்பற்று போட்டு வாங்கலாம். பழைய செல் ஒன்றும் புதுச் செல் ஒன்றுமாகப் போடக் கூடாது. முதலில் தீர்ந்துபோன செல்லின் வழியாக மற்றது மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதுதான் முதலில் ஒழுகும். ஏசியை நிறுத்திவைக்கும் மாதங்களிலும் திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். மழைக்காலம் தொடங்கும்போது இரண்டு செல்லையும் கழற்றி வைத்துவிட்டால் குழிக்குள் எதுவும் ஒழுக வழியில்லை. கோடையில் திரும்பப் போட்டதும் திரையில் கடிகார நேரத்தை மட்டும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.