பிஸ்டன் தலையில் ஓர் எண்

அப்பாவின் புல்லட்டை முதல் நாள் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் செய்யப்போன காரியத்தைப் பெரியப்பா ஒரே சத்தத்தில் நிறுத்தினார். கிக்கரில் கால் வைத்திருந்தேன். "மிதிக்காதம்மா! உள்ள இறுகிக் கிடக்கு. மிதிச்சா பல்லுதான் போவும்."

1986-ஆம் ஆண்டு மாடல், 350 சிசி. வேதாரண்யத்தில் உப்பளத்துக்கும் வீட்டுக்குமாக அப்பா முப்பது வருடம் ஓட்டிய வண்டி. 2016-இல் அவர் போன பிறகு கீற்றுக் கொட்டகையில் நின்றது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது கொட்டகை அப்படியே வண்டிமேல் சரிந்தது. கீற்றை அள்ளினோம், வண்டியை யாரும் தொடவில்லை. உப்புக்காற்று ஊரில் மழையில் நனைந்த இரும்பு என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரியப்பா அரசு பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். கடைத்தெருவின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை வைத்திருக்கிறார். தம்பி வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர்தான்.

துரு பிடித்த எஞ்சின் ஏன் அசைய மறுக்கிறது என்பதை அவர் ஒரு சின்ன விஷயத்தில் தொடங்கிச் சொன்னார். சிலிண்டரின் உள்குழாய் இரும்பு, அதில் ஏறி இறங்கும் பிஸ்டன் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த முடியளவு சந்தைத் துருவே நிரப்பிவிட்டால், ஆப்பு அடித்த மாதிரிதான். அந்த நேரத்தில் முழு பலத்தோடு கிக்கரை மிதித்தால் பிஸ்டன் நகராது, கிக்கரின் பல்சக்கரம் உடையும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றினார். பிஸ்டன் தலையில் அது தேங்கி, ரிங்குகளின் ஓரமாக மெல்ல இறங்கட்டும் என்று விட்டார். தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்து, குறைந்த அளவுக்கு மீண்டும் ஊற்றினார். ஐந்தாம் நாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டினார். டாப் கியரில்தான் சக்கரத்தில் கொடுக்கும் விசை அதிகமாக எஞ்சினுக்குப் போய்ச்சேரும். கிக்கரைப் போல ஒரே இடத்தில் அடியும் விழாது. ஆனால் அசையவில்லை.

அதனால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. கழற்றிப் பார்த்ததும், வண்டி கடைசியாக எப்படி நின்றது என்பது தெரிந்துவிட்டது. புகைபோகும் வால்வு திறந்தபடி இருந்தது. பிஸ்டன் பாதி உயரத்தில் நின்றது. சைலன்சர் வழியாக ஏறிய ஈரக்காற்று அந்தத் திறந்த வாசலில் நுழைந்து, பிஸ்டனுக்கு மேலுள்ள சுவரைத் தின்றிருக்கிறது. இந்த நிலையில் பிஸ்டனை மேலே தள்ளினால் துருவில் இன்னும் இறுகும். முதலில் மேல்சுவரை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தார். பிறகு பிஸ்டன் தலைமேல் ஒரு வேப்பங்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினார். அடிக்கவில்லை, கதவு தட்டுகிற மாதிரிதான். நான் வண்டியை அங்குல அங்குலமாகப் பின்னால் உருட்டினேன். மாலை நான்கு மணிக்குக் 'கறக்' என்று ஒரு சத்தம். பிஸ்டன் கீழே இறங்கியது.

பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைச் சுரண்டியபோதுதான் அந்த எண் தெரிந்தது. 20.

சுரண்டிய கை நின்றுவிட்டது. பெரியப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிஸ்டனில் 20 என்று அச்சடித்திருந்தால், அது கம்பெனியில் வந்தபோது இருந்த பிஸ்டன் இல்லை. தேய்ந்த குழாயை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், அகலமாகக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டிருக்கிறார்கள். எஞ்சினைப் பிரிக்காமல் அந்த வேலை நடக்காது.

"என்கிட்ட கொண்டுவராம வெளியில போர் போட்டிருக்கான்" என்றார்.

வீட்டுப் பாகப்பிரிவினையில் இருவரும் ஆறு வருடம் பேசாமல் இருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் அப்பா வேறு எங்கோ வண்டியைக் கொடுத்திருக்க வேண்டும். பெரியப்பா பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ரிங்குகளை விரலால் சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார்.

அந்த எண் வேலைக்கும் தேவைப்பட்டது. ரிங்குகள் எட்டு வருடம் ஒட்டிக்கிடந்த இடத்தில் குழாய்ச் சுவரில் குழிகள் விழுந்திருந்தன. நகத்தால் தடவினால் நகம் சிக்கியது. நகம் சிக்கும் அளவு குழி இருந்தால் உப்புத்தாள் போதாது. அழுத்தம் அந்தக் குழிகள் வழியே கசியும், எஞ்சின் ஆயில் மேலேறி எரியும். மீண்டும் கடையத்தான் வேண்டும். ஏற்கெனவே 20 போட்டிருப்பதால் 40-க்குப் போனார். புதுப் பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்த பிறகே தஞ்சாவூர் லேத்துப் பட்டறையில் குழாயைக் கடையச் சொன்னார். பிஸ்டனை அளந்துதான் குழாயைக் கடைய வேண்டும், முடியளவு சந்து அப்போதுதான் சரியாக அமையும். இப்படிக் கடையக் கடைய சுவர் மெலிந்துகொண்டே வரும், எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது.

பெட்ரோல் டேங்குக்கு வினிகர் ஊற்றி, ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். புளிப்பு துருவைக் கரைக்கும், நட்டு சுரண்டும். கழுவி அப்படியே விட்டால் அரைமணியில் புதுத்துரு பூத்துவிடும். சமையல் சோடா தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, உடனே கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சுழற்றி வைத்தார்.

எல்லாம் பூட்டியபின் ஒரு வெள்ளிக்கிழமை. புது பேட்டரி. சாவியைத் திருப்பினார். ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரில் முள் இடதுபக்கம் சாய்ந்தது. பாயிண்ட் மூடியிருந்து கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், பிஸ்டன் உச்சியை நெருங்கும் இடத்தில் பாயிண்ட் திறந்து முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஷன் கம்பியை இழுத்து அழுத்தத்தை விட்டு, கிக்கரைத் துளி கீழே இறக்கி, மறுபடி மேலே கொண்டுவந்து முழுசாக மிதிக்க வேண்டும். சின்ன வயதில் டேங்க்மேல் உட்கார்ந்து அந்த முள்ளைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

"நடுவுல வந்துச்சா?"

"வந்துடுச்சு பெரியப்பா."

மூன்றாவது மிதியில் பிடித்தது. சைலன்சரிலிருந்து வெள்ளைப்புகை கொட்டகை முழுக்க நிறைந்தது. உள்ளே ஊறிய ஆயில் எரிகிறது, அடங்கிவிடும் என்றார். அவர் கவனம் புகையில் இல்லை. ஹெட்டுக்கு ஆயில் போகும் குழாயின் போல்ட்டை ஸ்பேனரால் அரைச்சுற்றுத் தளர்த்தினார். அங்கே ஆயில் வரவில்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் புதுப் பிஸ்டனும் போய்விடும். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். போல்ட்டின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது, வழிந்தது.

விரலால் தொட்டுப் பார்த்தார். போல்ட்டை முறுக்கினார். பழைய பிஸ்டனை எடுத்துத் துடைத்து, சட்டைப்பையில் போட முடியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.