அம்மாவுக்கு அனுப்பும் ஆறாயிரம்

மளிகைக்கு எட்டாயிரம் ஆனதாகச் சொல்லிவிட்டு ஏழாயிரத்துக்குச் சாமான் வாங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். மிச்ச ஆயிரம் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போகும். தம்பியின் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிட்டு மனைவியிடம் மூச்சுவிடாத ஆண்களும் உண்டு. ஒருநாள் பாங்கிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் எல்லாம் வெளிப்படும். அன்றைய சண்டையில் தொகை பெரும்பாலும் பேச்சே இல்லை. "என்கிட்ட ஏன் மறைச்சே?" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும்.

கோவையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவருக்குச் சம்பளம் 52,000, மனைவிக்கு 38,000. வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், மளிகை, பெட்ரோல், சேமிப்பு எல்லாம் போக மாதம் 17,000 மிஞ்சுகிறது. கணவர் தன் பெற்றோருக்கு 5,000 அனுப்புகிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம், யாரும் கேள்வி கேட்டதில்லை. மனைவி தன் அம்மாவுக்கு 4,000 அனுப்புகிறாள், ஒளித்து.

இந்த இடத்தில் பலர் சொல்லும் தீர்வு, 'ரெண்டு வீட்டுக்கும் சமமாக் கொடுத்துடுங்க' என்பது. கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் அவருடைய அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பென்ஷன் வருகிறது, சொந்த வீடு. அவளுடைய அம்மா தனியாக இருக்கிறார். மளிகை, மருந்து, கரண்ட், கேஸ் என்று 9,000 ஆகிறது. பின்கட்டை வாடகைக்கு விட்டதில் 3,000 வருகிறது. ஆக, அங்கே மாதம் 6,000 துண்டு விழுகிறது. இங்கே துண்டே விழவில்லை. சம்பளத்தை வைத்துப் பங்கு பிரிப்பதைவிட, இரண்டு வீட்டிலும் எவ்வளவு துண்டு விழுகிறது என்று ஒரே தாளில் எழுதுவது நல்லது. அந்தத் தாளைப் பார்த்தபிறகு, 'உங்க வீடு, எங்க வீடு' என்ற பேச்சு பாதி அடங்கிவிடும்.

அப்படி எழுதினால் அம்மாவுக்கு 6,000. மாமனாருக்குத் தேவை இல்லாவிட்டாலும் நிறுத்த வேண்டாம். மகன் அனுப்புகிறான் என்ற நிறைவுக்காக 3,000. இன்னொரு 3,000 இருவர் பெயரிலும் ஒரு தொடர் வைப்புக்கு. வருடத்துக்கு 36,000 சேரும். கண் ஆபரேஷன், பல், திடீர் ஆஸ்பத்திரிச் செலவு, எந்த வீட்டில் முதலில் வருகிறதோ அங்கே போகும். யார் வீட்டுக்கு அதிகம் போனது என்று பிறகு கணக்குப் பார்ப்பதில்லை என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மீதி 5,000-ஐ ஆளுக்கு 2,500 என்று பிரித்துக்கொள்ளலாம். அண்ணன் மகளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தாலும் சரி, சினிமா பார்த்தாலும் சரி, அதற்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. என்னைக் கேட்டால், ஒளிப்பதை நிறுத்துவது இந்த 2,500தான்.

சம்பளம் வந்த மறுநாளே பணம் தானாகப் போகும்படி பாங்கில் சொல்லி வைத்துவிடுங்கள். மாதாமாதம் கேட்டு, யோசித்து, முகம் பார்த்து அனுப்பினால் ஒவ்வொரு மாதமும் ஒரு புது வாக்குவாதம்.

"கட்டிக்கொடுத்த பொண்ணுகிட்ட காசு வாங்கறதா?" என்று மறுக்கும் அம்மாக்களும் உண்டு. அவர்களுக்கு கரண்ட் பில்லையும் மருந்துக்கடைக் கணக்கையும் நேராகக் கட்டிவிடலாம். மகளுக்கும் இதில் குற்றவுணர்ச்சி வேண்டியதில்லை. கல்யாணமான மகளுக்கும் பெற்றோரைக் காக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைகள் என்று மகனையும் மகளையும் சேர்த்தே சொல்கிறது.

கூடப்பிறந்தவர்கள் விஷயம் வேறு. அம்மாவின் மருந்துச் செலவு எவ்வளவு என்று தெரியும். தம்பியின் கடைக்கு எவ்வளவு போனால் போதும் என்று யாருக்கும் தெரியாது. அவன் ஒரு லட்சம் கடன் கேட்கிறான் என்று வையுங்கள். அது திரும்பாவிட்டால் நம் வீட்டில் எது நின்றுபோகும் என்று இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். 30,000 போனால் தாங்கும் என்றால் 30,000-ஐக் கடன் என்று சொல்லாமல் கொடுத்துவிடுவது மேல். கடன் என்று பேர் வைத்த பணம் திரும்பாதபோது தம்பியும் போகிறான், வீட்டில் நிம்மதியும் போகிறது. கொடுத்தே ஆகவேண்டிய கடன் என்றால் பாங்க் வழியாக அனுப்பி, தவணையை எழுதி வையுங்கள். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இதைவிட ஆபத்தானது ஜாமீன் கையெழுத்து. கையிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லையே என்று வீட்டில் சொல்லாமல் போட்டுவிடுகிறார்கள். கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவன் தவணை கட்டாவிட்டால் பாங்க் உங்களிடம் வரும். நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போதும் அந்தக் கையெழுத்து குறுக்கே நிற்கலாம். அதனால் தம்பி ஃபாரத்தை நீட்டினால், "உங்க அண்ணிகிட்ட பேசிட்டுச் சொல்றேன்டா" என்று சொல்லுங்கள். சொன்னபடி அன்று ராத்திரியே பேசுங்கள்.