பதினெட்டாவது மணியில் கேட்க வேண்டிய கேள்வி

தணிக்கை அலுவலகத்தில் ஒரு பில்லைச் சரிபார்த்தாயிற்று என்பதற்கு அடையாளம், பேனாவால் போடும் ஒரு சிறு டிக். பில்லைப் பார்த்துப் போட்ட டிக்கும் பார்க்காமல் போட்ட டிக்கும் காகிதத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். தணிக்கைத் தரம் தாழ்வது ஏன் என்று அமெரிக்காவில் ஆராய்ந்த கோஹன் கமிஷன், 1978-இல் தந்த அறிக்கையில் நேர பட்ஜெட்டின் நெருக்கடியை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது.

ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் முன், எந்தப் பகுதிக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்து எழுதுவதுதான் நேர பட்ஜெட். வாங்கும் ஃபீஸுக்குள் வேலை முடிய வேண்டும் என்பதால் அது தேவைதான். மீறும்போது என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கிகளைச் சரிபார்க்க 24 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது. வேலை ஓர் ஆர்ட்டிகிள் மாணவியிடம். 30 வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போனது. 18 பதில்கள் வந்தன. அவற்றில் 14 கணக்கோடு ஒத்துப்போயின, 4 ஒத்துப்போகவில்லை. 12 பேரிடமிருந்து பதிலே இல்லை.

பட்ஜெட்டில் முக்கால் பங்கு, அதாவது 18 மணி நேரம் ஆனதும் சீனியர் வந்து நிற்க வேண்டும். "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டால் பயம்தான் வரும். அவர் கேட்டது வேறு.

"இன்னும் எத்தனை மிச்சம் இருக்கும்மா?"

"பதினாறு சார்."

பதில் வராத 12 பாக்கிக்கும் ஏப்ரல், மே மாத வங்கிக் கணக்கில் பணம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் இன்வாய்ஸ், சரக்கு அனுப்பிய ஆவணம் எல்லாம் எடுக்க வேண்டும். ஒன்றுக்கு முக்கால் மணி வீதம் 9 மணி நேரம். ஒத்துப்போகாத நான்குக்கும் ஒன்றரை மணி வீதம் 6. ஆக 15 மணி நேர வேலை. கையில் இருப்பது 6. பற்றாக்குறை 9.

இங்கே மாணவிக்கு இரண்டு குறுக்கு வழிகள் தெரியும். மிச்சத்துக்கு டிக் போட்டுவிடலாம். அல்லது ராத்திரி வீட்டில் உட்கார்ந்து முடித்துவிட்டு, டைம் ஷீட்டில் 24 என்றே எழுதலாம். இரண்டாவது நேர்மையான உழைப்புபோலத் தோன்றும். ஆனால் அடுத்த வருஷ பட்ஜெட்டை இந்த வருஷ டைம் ஷீட்டைப் பார்த்துத்தான் போடுவார்கள். அடுத்து வருகிறவருக்கும் அதே 24-தான். ராத்திரி உட்கார முடியாதவர் டிக் போடுவார்.

சீனியர் அந்த 9 மணி எங்கே போனது என்று பிரித்துப் பார்த்தார். கம்பெனி கணக்கர் லெட்ஜர் தரத் தாமதித்ததில் 3 மணி வீண். அது வாடிக்கையாளர் பக்கத்துத் தாமதம். அன்றைக்கே கம்பெனிக்கு எழுதித் தெரிவித்தார். ஏற்றுமதிப் பணம் வங்கிக் கட்டணம் போகக் குறைந்து வரவாகும் என்பது தெரியாமல் மாணவி தடுமாறியதில் 2 மணி. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பாக்கியை அவரே சேர்த்துக் காட்டினார்.

மீதி 4 மணிதான் முக்கியம். ஒத்துப்போகாத நான்கில் இரண்டு, உள்ளூர் வாடிக்கையாளர்களுடையவை. இன்வாய்ஸ் தேதி மார்ச் 30. கேட் பாஸில் சரக்கு வெளியேறிய தேதி ஏப்ரல் 3. அடுத்த வருஷ விற்பனையை இந்த வருஷத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இப்படி ஒன்று தென்பட்டால் சோதனையைப் பெருக்க வேண்டும். மார்ச் கடைசி வார இன்வாய்ஸ்களைக் கேட் பாஸோடு ஒப்பிட வேண்டும். அதற்கு நேரம் கேட்டு பார்ட்னரிடம் போனார்.

நேரத்தை மிச்சம் பிடிக்க நியாயமான இடமும் உண்டு. வாடகைச் செலவுக்கு 6 மணி ஒதுக்கி, மாதாமாத ரசீது பார்ப்பதாக இருந்தது. ஒப்பந்தத்தில் உள்ள மாத வாடகையை 12-ஆல் பெருக்கி, கணக்கிலுள்ள தொகையோடு ஒப்பிட்டு, ஓரிரு வங்கிப் பரிமாற்றத்தைப் பார்த்தால் 2 மணியில் முடியும். அபாயம் குறைந்த இடத்தில் சோதனையின் முறையை மாற்றலாம். ஆனால் பார்ட்னர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, காரணம் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பொய் டிக்கைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. சோதித்த பில் எது, சோதித்தது யார், எந்தத் தேதி என்பதெல்லாம் பதிவில் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 230. பில் எண் இல்லாத வரிசை, ஒரு மணி நேரத்தில் நாற்பது வவுச்சர், ஒரு குறைகூடத் தென்படாத பக்கம் இவையெல்லாம் அறிகுறிகள். ஏதாவது ஒரு டிக்கைத் தொட்டு "இந்த பில்லை எடுத்துட்டு வாம்மா" என்றால் தெரிந்துவிடும்.

அந்த மாணவியின் டைம் ஷீட்டில் 33 என்றே பதிவானது. அடுத்த ஆண்டு பட்ஜெட் போடுகிறவர், காரணங்களோடு அந்த 33-லிருந்துதான் தொடங்க வேண்டும்.